314 மூட்டை

பல்லடத்துக்குத் தெற்கே என் சின்னம்மா வீட்டில் ஒரு கறிக்கோழிப் பண்ணை இருக்கிறது. 25 அடி அகலமும் 220 அடி நீளமும் கொண்ட ஒரே ஷெட். கிழக்கு மேற்காகக் கிடக்கும். தடவைக்கு 5,000 குஞ்சுகள் வரும். ஷெட்டின் வாசல் தூணில் ஒரு ஆணி. அதில் நூல் கட்டித் தொங்கும் ஒரு நாற்பது பக்க நோட்டு. சின்னம்மா அதில் எழுதுவது மிகக் குறைவு. அன்று செத்த கோழி எத்தனை, அன்று பிரித்த தீவன மூட்டை எத்தனை, வாரத்துக்கு ஒருமுறை கோழியின் சராசரி எடை எவ்வளவு. இந்த மூன்று மட்டும்தான்.

"கோழியப் பார்த்து லாபம் தெரியாது கண்ணு. சாக்க எண்ணுனாத்தான் தெரியும்" என்று சின்னம்மா சொல்வார். அவர் சொல்வது எவ்வளவு சரி என்பதை அந்த நோட்டையே வைத்து நான் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான் புரிந்துகொண்டேன்.

கறிக்கோழி வளர்ப்பில் பல செலவுகள் உண்டு: குஞ்சு விலை, மருந்து, தடுப்பூசி, மின்சாரம், தரையில் பரப்பும் தென்னை நார்த் தூள், ஆள் கூலி. இவை எல்லாவற்றையும் ஒரு பக்கம் வைத்தால், தீவனம் ஒன்று மட்டும் மறுபக்கம் அவற்றின் இரண்டு மடங்குக்கு மேல் நிற்கும். நூறு ரூபாய் செலவானால் அதில் எழுபது ரூபாய்க்குப் பக்கம் தீவனம். ஆகவே ஒரு கிலோ கோழி உருவாக எத்தனை கிலோ தீவனம் செலவானது என்ற ஒரே எண்ணைத்தான் இந்தத் தொழிலில் எல்லோரும் பார்க்கிறார்கள். தீவன மாற்றுத் திறன் என்று புத்தகத்தில் இருக்கும், பண்ணைகளில் எஃப்.சி.ஆர். என்பார்கள். 1.6 என்றால் ஒரு கிலோ உயிர் எடைக்கு ஒரு கிலோ அறுநூறு கிராம் தீவனம் போயிருக்கிறது. இந்த எண் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது.

குஞ்சு பண்ணைக்கு வந்து இறங்கும்போது ஏறக்குறைய 44 கிராம் இருக்கும். ஐந்தே வாரத்தில் அது இரண்டு கிலோ ஆகிவிடுகிறது. இதைக் கேட்டதும் ஊசி போடுகிறார்கள், ஹார்மோன் கொடுக்கிறார்கள் என்று சொல்பவர்கள் நம்மில் நிறைய. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஒரு சோதனையை அவர்களுக்குச் சொல்ல வேண்டும். 1957ஆம் ஆண்டுக் கோழி இனம், 1978ஆம் ஆண்டு இனம், 2005ஆம் ஆண்டு இனம் என்று மூன்றையும் ஒரே தீவனம் கொடுத்து ஒரே மாதிரி வளர்த்தார்கள். 56ஆம் நாளில் முதலாவது 905 கிராம், இரண்டாவது 1,808 கிராம், மூன்றாவது 4,202 கிராம் இருந்தது. தீவனம் ஒன்றே. மாறியது கோழியின் பரம்பரை மட்டும். தலைமுறை தலைமுறையாக வேகமாக வளர்ந்ததையே தேர்ந்தெடுத்து இனவிருத்தி செய்ததன் விளைவு அது. ஆனால் அந்தப் பரம்பரைக்குள் இருக்கும் வேகம் தானாக வெளியே வராது. அந்தந்த வயதுக்கு உரிய தீவனம் கிடைத்தால்தான் வரும். மூன்று வகைத் தீவனம் என்ற ஏற்பாட்டின் வேரே இதுதான்.

சின்னம்மா வீட்டுக்கு முதலில் வருவது பிரீ-ஸ்டார்டர். பொடிப்பொடியாக, ரவையைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும். பத்தாம் நாள் வரை இதுதான். பிறகு 21ஆம் நாள் வரை ஸ்டார்டர். அதன்பிறகு லாரி வரும் நாள்வரை ஃபினிஷர். அது சின்னச் சின்னக் குச்சிகளாக, பெல்லட் வடிவில் இருக்கும். மூன்றிலும் அடிப்படைச் சரக்கு ஒன்றுதான்: மக்காச்சோளமும் சோயா புண்ணாக்கும். மக்காச்சோளம் தெம்பு தருகிறது, சோயா புரதம் தருகிறது. வயது ஏற ஏறச் சோயாவைக் குறைத்து மக்காச்சோளத்தையும் எண்ணெயையும் கூட்டுகிறார்கள். இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2007இல் வகுத்த அளவின்படி பிரீ-ஸ்டார்டரில் குறைந்தது 23 சதம் புரதம், ஸ்டார்டரில் 22, ஃபினிஷரில் 20 இருக்க வேண்டும். தெம்பின் அளவோ கிலோவுக்கு 3,000 கிலோ கலோரியில் தொடங்கி 3,100, 3,200 என்று ஏறுகிறது.

ஏன் இப்படி? குஞ்சுப் பருவத்தில் உடல் தன் எடையையே ஒரு வாரத்தில் நான்கு மடங்காக்குகிறது. குடல், ஈரல், எலும்பு, தசை என்று எல்லாமே புதிதாகக் கட்டப்படும் காலம் அது. கட்டுமானத்துக்குப் புரதம் வேண்டும். அதிலும் லைசின், மெத்தியோனின் என்ற இரண்டு அமினோ அமிலங்கள் குறைந்துவிட்டால் மற்றவை எவ்வளவு இருந்தும் பயன் இல்லை. செங்கல் லாரி லாரியாக வந்து இறங்கியும் சிமெண்ட் இல்லாத வீட்டைப் போல வேலை நின்றுவிடும். மக்காச்சோளத்தில் லைசின் குறைவு, சோயாவில்தான் இருக்கிறது, போதாததைத் தூளாகச் சேர்க்கிறார்கள். கோழி பெரிதானதும் நிலைமை மாறுகிறது. ஒன்றரைக் கிலோ உடல் மூச்சு விடவும் நடக்கவும் சூடு காக்கவுமே தினமும் நிறைய தெம்பு செலவாகிறது. அப்போது புரதத்தின் பங்கைக் குறைத்துத் தெம்பைக் கூட்டினால்தான் கட்டுப்படியாகும்.

'அப்படியானால் நல்ல தீவனமான பிரீ-ஸ்டார்டரையே கடைசிவரை போட்டால் என்ன?' என்று நான் சித்தப்பாவிடம் ஒருமுறை கேட்டேன். மூட்டைக்கு அது விலை அதிகம் என்பது ஒரு காரணம். இன்னொன்று, கோழிக்குத் தேவைக்கு மேல் போகும் புரதம் இறைச்சியாகத் தங்குவதில்லை. உடைந்து எச்சத்தில் வெளியேறிவிடுகிறது. அதை வெளியேற்றக் கோழி கூடுதலாகத் தண்ணீர் குடிக்கும், தரை ஈரமாகும், ஷெட்டுக்குள் நுழைந்தாலே கண் எரியும் அம்மோனியா நெடி வரும். காசு கொடுத்து வாங்கிய புரதம் காற்றில் போகும்.

இதற்கு நேர் எதிரான தவறுதான் அதிகம் நடக்கிறது. ஸ்டார்டர் மூட்டை தீர்ந்துவிட்டது, அடுத்த வண்டி வர இரண்டு நாளாகும், ஷெட்டில் ஃபினிஷர் இருக்கிறது என்று பதினைந்தாம் நாளே அதைக் கொட்டிவிடுவது. கோழி தின்னும், வயிறு நிறையும், பார்வைக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் தசை கட்டுவதற்கு உரிய சரக்கு குறைவாகவும் கொழுப்புக் கட்டுவதற்கு உரிய சரக்கு அதிகமாகவும் போய்க்கொண்டிருக்கும். தசையில் முக்கால் பங்கு தண்ணீர். அதனால் ஒரு கிராம் தசை எடைக்குக் குறைந்த தீவனம் போதும். கொழுப்பில் தண்ணீர் மிகக் குறைவு. ஒரு கிராம் கொழுப்புச் சேர்க்க அதைவிடப் பல மடங்கு தெம்பு செலவாகிறது. மூன்றாம் வாரத்தில் மிச்சம் பிடித்த காசை ஐந்தாம் வாரம் வட்டியோடு வாங்கிக்கொள்ளும்.

நோட்டில் இருக்கும் வார எடைகளை இனி பார்க்கலாம். குஞ்சு நிறுவனங்கள் அச்சிட்டுத் தரும் இலக்குகள் இதைவிட அதிகமாக இருக்கும். அவை குளிரூட்டிய ஷெட்டுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. பக்கவாட்டில் வலை மட்டும் கட்டிய நம் திறந்த ஷெட்டில், நன்றாக வந்த ஒரு பேட்ச் இப்படி இருக்கும்: முதல் வார முடிவில் 180 கிராம், இரண்டாம் வாரம் 460, மூன்றாம் வாரம் 900, நான்காம் வாரம் ஒரு கிலோ 450, ஐந்தாம் வாரம் இரண்டு கிலோவைத் தாண்டி 2,030 கிராம், ஆறாம் வாரம்வரை வைத்திருந்தால் 2,600.

இதில் சின்னம்மா உயிரைக் கொடுத்துப் பார்ப்பது முதல் எண்ணைத்தான். ஏழாம் நாள் எடை, வந்த நாள் எடையைப் போல நான்கு மடங்காவது இருக்க வேண்டும். 44 கிராம் குஞ்சு 180ஐத் தொட்டால் அந்த பேட்ச் பெரும்பாலும் சொன்ன சொல் கேட்கும். முதல் வாரத்தில் குடல் உடம்பைவிட வேகமாக வளர்கிறது. அந்த ஏழு நாளில் குடல் எவ்வளவு நன்றாக அமைகிறதோ, மீதி நான்கு வாரமும் தின்றதை உடம்பில் சேர்க்கும் திறன் அவ்வளவுதான். ஏழாம் நாளில் விட்ட பத்து கிராமை எத்தனை மூட்டை கொட்டினாலும் பிற்பாடு மீட்க முடிவதில்லை. அது பெருகித்தான் கண்ணில் படும்.

அதனால் குஞ்சு வந்த முதல் இரவு அந்த வீட்டில் யாரும் சரியாகத் தூங்குவதில்லை. குஞ்சு வருவதற்குப் பல மணி நேரம் முன்பே ஷெட்டின் ஒரு பகுதியைப் படுதாவால் அடைத்து, 33 டிகிரி அளவுக்குச் சூடேற்றி வைத்திருப்பார்கள். காற்று மட்டும் சுட்டால் போதாது, தரையும் சுட வேண்டும். கால் சில்லிட்ட குஞ்சு தீனியைத் தேடாமல் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு நிற்கும். தீனியைத் தொட்டியில் மட்டும் போடாமல் காகிதத்தை விரித்து அதன் மேலும் தூவுகிறார்கள். குஞ்சு நடக்கும்போது காகிதம் சரசரக்கும். அந்தச் சத்தத்துக்கே குனிந்து கொத்தத் தொடங்கும்.

மறுநாள் காலையில் சின்னம்மா குஞ்சுகளை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துக் கழுத்தடியில் இருக்கும் தீனிப்பையை விரலால் தடவுவார். கஞ்சியைப் போல மெத்தென்று நிறைந்திருந்தால் தீனியும் தண்ணீரும் இரண்டும் உள்ளே போயிருக்கின்றன. கெட்டியாக மணல் போல இருந்தால் தண்ணீர் கிடைக்கவில்லை. பலூன் போல இருந்தால் வெறும் தண்ணீர்தான் குடித்திருக்கிறது. ஷெட்டின் நாலு மூலையிலும் நடுவிலுமாக நூறு குஞ்சைத் தடவினால் தொண்ணூற்றைந்தாவது மெத்தென்று இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அன்று மற்ற வேலை எதுவும் நடக்காது. எந்த மூலையில் வெறும் பை அதிகமோ, அந்த மூலையில் சூடா, வெளிச்சமா, தண்ணீர்க் குழாயின் உயரமா என்று தேடிக்கொண்டே இருப்பார்.

இந்த முதல் வாரத்தில் ஒரு குஞ்சு தின்பது வெறும் 155 கிராம். பத்து நாளுக்கான பிரீ-ஸ்டார்டர் 5,000 குஞ்சுக்கும் சேர்த்து முப்பது மூட்டையில் முடிந்துவிடும். மூட்டை என்பது 50 கிலோ. அடுத்த பதினோரு நாளுக்கு ஸ்டார்டர் தொண்ணூறு மூட்டை. அதன்பின் இரண்டே வாரத்தில் ஃபினிஷர் 194 மூட்டை. மொத்தம் 314. இதில் ஐந்தில் மூன்று பங்குக்கு மேல் கடைசி இரண்டு வாரத்தில்தான் போகிறது என்பதைக் கவனியுங்கள். விலை அதிகம் என்று பிரீ-ஸ்டார்டரில் கை வைப்பவர் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கில் மிச்சம் தேடிவிட்டு, மீதி ஒன்பது பங்கையும் கெடுத்துக்கொள்கிறார்.

இப்போது முழுக் கணக்கு. ஒப்பந்தப் பண்ணையில் குஞ்சும் தீவனமும் மருந்தும் நிறுவனத்துடையவை. ஷெட்டும் உழைப்பும் விவசாயியுடையவை. 1990களின் தொடக்கத்திலிருந்து உடுமலைப்பேட்டை, பல்லடம் பகுதிகளில் பரவிய முறை இது. வசதிக்காக இருவர் பையையும் ஒரே பையாக வைத்துக்கொள்வோம். விலைகள் நாளுக்கு நாள் மாறுபவை. புரிவதற்காகத் தீவனம் கிலோ 40 ரூபாய், குஞ்சு 35 ரூபாய் என்று வைக்கிறேன்.

5,000 குஞ்சில் 200 செத்துவிட்டால் 4,800 மிஞ்சும். 35ஆம் நாள் தலைக்கு 2,030 கிராம் என்றால் மொத்தம் 9,744 கிலோ. 314 மூட்டைத் தீவனம் 15,700 கிலோ, அதாவது எஃப்.சி.ஆர். 1.61. தீவனச் செலவு 6,28,000 ரூபாய். குஞ்சுக்கு 1,75,000. மருந்து, தடுப்பூசிக்கு 25,000. வளர்ப்புக் கூலி கிலோவுக்கு ஏழு ரூபாய் என்று 68,000. ஆக மொத்தம் 8,96,000. ஒரு கிலோ உயிர்க்கோழியின் அடக்கம் 92 ரூபாய். பண்ணை விலை 96 ரூபாயாக இருந்தால் கிலோவுக்கு நான்கு ரூபாய், மொத்தத்தில் 39,000 ரூபாய் மிஞ்சும்.

எஃப்.சி.ஆர். 1.61க்குப் பதில் 1.71 ஆகிவிட்டது என்று வையுங்கள். 0.1தான் வித்தியாசம். கோழியைப் பார்த்தால் யாருக்கும் தெரியாது. ஆனால் 9,744 கிலோ கோழிக்கு 974 கிலோ தீவனம் கூடுதலாகப் போயிருக்கிறது. அதன் விலை 39,000 ரூபாய். லாபம் முழுவதும் அதிலேயே தீர்ந்துவிட்டது. மருந்துச் செலவைப் பாதியாக்கினால் 12,500 ரூபாய்தான் மிச்சம். குஞ்சு விலை நான்கு ரூபாய் குறைந்தாலும் 20,000தான். தீவனத்தில் இருபது மூட்டை தவறினால் இவை இரண்டையும் கூட்டியும் ஈடு கட்ட முடியாது.

தீவனத்தின் விலையே ஏறும்போது பண்ணைக்காரர் கையில் ஒன்றும் இல்லை. கிலோவுக்கு ஒரு ரூபாய் ஏறினால் கோழியின் அடக்கம் ஒரு ரூபாய் அறுபது காசு ஏறும். 2021இல் சோயா விலை எகிறியபோது தொழிலே திணறி, அந்த ஆகஸ்ட் மாதம் ஒன்றிய அரசு 12 லட்சம் டன் மரபணு மாற்றச் சோயா புண்ணாக்கை இறக்குமதி செய்ய அனுமதி கொடுத்தது. இப்போது மக்காச்சோளத்துக்கு எத்தனால் ஆலைகளும் போட்டி போடுகின்றன. ஆனால் கோழி விலையோ தீவன விலையைப் பார்த்து நிர்ணயமாவதில்லை. பல்லடத்தில் இருக்கும் பிராய்லர் ஒருங்கிணைப்புக் குழு தினமும் அறிவிக்கும் பண்ணை விலை, சந்தையின் தேவையைப் பார்த்து ஏறும், இறங்கும். புரட்டாசி வந்தால் இறங்கும். ஐந்து வாரம் முன்பு குஞ்சு விட்டவருக்கு அன்று என்ன விலை கிடைக்கும் என்று தெரியாது. தெரிந்து நடத்தக்கூடிய ஒரே இடம் தீவனத் தொட்டிதான்.

இன்னொரு கேள்வி நோட்டைப் புரட்டும்போது வந்தது. கோழியை எத்தனை நாள் வைத்திருப்பது? வார வாரியாகக் கூடிய எடையையும் தின்ற தீவனத்தையும் தனித்தனியாகப் பிரித்தால் விடை கிடைக்கிறது. இரண்டாம் வாரத்தில் ஒரு கிலோ எடை கூட ஒரு கிலோ 340 கிராம் தீவனம் போதும். நான்காம் வாரத்தில் ஒரு கிலோ 700 கிராம் வேண்டும். ஆறாம் வாரத்திலோ 570 கிராம் எடைக்கு 1,260 கிராம் தீவனம் போகிறது. கிலோவுக்கு இரண்டு கிலோ 200. பெரிய உடம்பைத் தாங்குவதற்கே தீனியில் பெரும்பங்கு போய்விடுகிறது.

அப்படியென்றால் நான்காம் வாரமே விற்றுவிடலாமே என்று தோன்றும். அதுவும் சரிப்படாது. குஞ்சுக்குக் கொடுத்த 35 ரூபாய், எடை குறைவாக இருக்கும்போது ஒவ்வொரு கிலோவின் மேலும் கனமாக உட்காரும். மேலே சொன்ன விலைகளை வைத்தே பார்த்தால், 28ஆம் நாள் விற்றால் கிலோவின் அடக்கம் 95 ரூபாய், 35ஆம் நாள் 92, 42ஆம் நாள் 93 ரூபாய்க்கு மேல். நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. அந்தப் பள்ளத்தில் நின்றுதான் விற்க வேண்டும். ஐந்து வாரத்தை ஒட்டி நம் கறிக்கடைகளுக்குக் கோழி வருவது தற்செயல் அல்ல. குஞ்சு விலை ஏறினால் பள்ளம் சில நாள் பின்னுக்குத் தள்ளும். தீவன விலை ஏறினால் முன்னுக்கு வரும். விலை இறங்கியிருக்கிறது, நான்கு நாள் பொறுத்துப் பார்ப்போம் என்று வைத்திருப்பவர் இதை மறந்துவிடக் கூடாது. ஆறாம் வாரத்தில் கூடும் ஒவ்வொரு கிலோவுக்கும் தீவனம் மட்டுமே 88 ரூபாய். பண்ணை விலை 80 என்றால் தினமும் கைக்காசைப் போட்டுக் கோழியைக் கொழுக்க வைக்கிறார் என்று அர்த்தம். சித்திரை வெயிலில் பெரிய கோழிதான் முதலில் சாகும் என்பது வேறு. ஐந்து வாரத் தீனியைத் தின்றுவிட்டுச் சாகும் கோழி, முதல் வாரத்தில் செத்த இருபது குஞ்சின் தீனியைவிட அதிகமாகக் கொண்டுபோய்விடும்.

தவறு எங்கே என்று கண்டுபிடிக்கவும் சின்னம்மாவிடம் ஒரு வழி இருக்கிறது. வாரம் ஒருமுறை, ஒரே நேரத்தில், ஷெட்டின் பல இடங்களிலிருந்து நூறு கோழியைக் கூடையில் பத்துப் பத்தாக நிறுத்து எடை பார்ப்பார். பக்கத்திலேயே மூட்டைக் கணக்கு. எடையும் மூட்டையும் சேர்ந்து பேசும்போது நோய் புரிந்துவிடும்.

எடை சரி, மூட்டை மட்டும் அதிகம் என்றால் தீனி கோழிக்குள் போகவில்லை. தொட்டி தாழ்ந்திருக்கிறது, கோழி அலகால் இறைத்துக் கொட்டுகிறது, அல்லது எலி. தொட்டியின் விளிம்பு கோழியின் முதுகு மட்டத்தில் இருக்க வேண்டும், வளர வளர ஏற்றிக்கொண்டே போக வேண்டும், தொட்டியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது. நூற்றுக்கு மூன்று பங்கு சிந்தினால் ஒரு பேட்சுக்கு ஒன்பது மூட்டை, 18,000 ரூபாய்க்கு மேல். எடையும் குறைவு, மூட்டையும் குறைவு என்றால் கோழி தின்னவில்லை. முதலில் தண்ணீரைப் பார்க்க வேண்டும். கோழி தின்னும் தீனியைப் போல இரண்டு மடங்கு தண்ணீர் குடிக்கும், குழாய் அடைத்தால் தீனியும் நின்றுவிடும். அடுத்தது வெயில். கோடையில் சின்னம்மா காலை பத்து மணிக்கே தொட்டிகளைத் தூக்கிக் கட்டிவிட்டு மாலை வெயில் தாழ்ந்ததும் இறக்குவார். தின்றதைச் செரிக்கும்போது உடம்புக்குள் சூடு எழும். உச்சி வெயிலும் அந்தச் சூடும் சேர்ந்தால் கோழி தாங்காது. இழந்த தீனியை விடியற்காலையிலும் இரவிலும் தின்னட்டும் என்று விளக்கைப் போட்டு வைப்பார்.

மூன்றாவதுதான் பொல்லாதது. மூட்டை சரியாகத் தீர்ந்திருக்கிறது, எடை மட்டும் இல்லை. தின்றது உடம்பில் ஒட்டவில்லை. மூன்று வருடத்துக்கு முன் ஐப்பசியில் இப்படி ஒரு பேட்ச். 14ஆம் நாள் எடை சரியாக இருந்தது. 21ஆம் நாள் 900 இருக்க வேண்டிய இடத்தில் 820. மூட்டைக் கணக்கில் குறை இல்லை. சித்தப்பா தீவனத்தின் மேல் சந்தேகப்பட்டார்; பூஞ்சை பிடித்த மக்காச்சோளம் கலந்துவிட்டால் ஈரல் கெட்டு எடை நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் சின்னம்மா தண்ணீர்க் குழாய்க்குக் கீழே தரையைக் கையால் அள்ளிப் பிசைந்து பார்த்தார். உருண்டையாகப் பிடித்தால் அப்படியே நின்றது. உதிர வேண்டிய நார்த் தூள் சேறாகக் கிடந்தது. பக்கத்தில் எச்சம் சிவப்புத் தட்டியிருந்தது. ரத்தக்கழிச்சல். மழை ஈரத்தில் குழாய் ஒழுகியதை நான்கு நாள் யாரும் கவனிக்கவில்லை. ஈரத்தில் பெருகும் அந்த நுண்ணுயிர் குடலின் உள்சுவரைத் தின்றுவிடுகிறது. தீனி உள்ளே போய் அப்படியே வெளியே வருகிறது.

மருத்துவர் வந்து தண்ணீரில் மருந்து கலந்து கொடுத்தார். ஈரத் தூளை வாரி வெளியே கொட்டிப் புதிது பரப்பினார்கள். சாவு நின்றுவிட்டது. ஆனால் குடல் தேறுவதற்குள் பத்து நாள் ஓடிவிட்டது. கடைசியில் 4,750 கோழி, சராசரி 1,900 கிராம், 9,025 கிலோ. தீவனம் 312 மூட்டை. எஃப்.சி.ஆர். 1.73. ஒழுகிய ஒரு குழாய்க்காக இருபது மூட்டைக்கு மேல் போயிற்று. அந்த முறை கூலியிலும் பிடித்தம் விழுந்தது, எஃப்.சி.ஆரைப் பார்த்துத்தான் ஒப்பந்தக் கூலி ஏறுவதும் இறங்குவதும்.

இந்த இடத்தில் எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. தீவனம் நிறுவனத்திலிருந்து வருகிறது. அதன் தரத்துக்கு விவசாயி பொறுப்பில்லை. ஆனால் அதன் விளைவு அவர் கூலியில் விழுகிறது. மூட்டையைப் பிரித்தால் அடியில் தூளாகவே இருக்கும் சில வண்டிகள் உண்டு. தூளைக் கொத்தக் கோழிக்கு நேரம் அதிகமாகும், சிந்துவதும் அதிகமாகும். ஆகவே ஒவ்வொரு வண்டியிலும் இரண்டு மூட்டையை எடை போடுவதும், ஒரு கிலோ தீவனத்தைத் தேதி எழுதிப் பையில் கட்டிக் கோழி போகும்வரை பத்திரமாக வைத்திருப்பதும், வார எடையைத் தன் கைப்பட எழுதுவதும் விவசாயிக்குள்ள ஒரே தற்காப்பு. சின்னம்மா இம்மூன்றையும் விடாமல் செய்கிறார். ஒருமுறை எடை நின்றபோது, நோட்டையும் கட்டி வைத்த பையையும் காட்டித்தான் கூலியில் பிடித்தம் இல்லாமல் பேசி முடித்தார்.

போன தையில் நான் போயிருந்தபோது கோழி பிடிக்கும் நாள். லாரி இரவு பதினோரு மணிக்கு வரும் என்று தகவல். மாலை ஆறு மணிக்கே தொட்டிகளைத் தூக்கிவிட்டார்கள். தண்ணீர் மட்டும் இருந்தது. கடைசி நேரத்தில் தின்னும் தீனி இறைச்சியாக மாற அவகாசம் இல்லை. கூடையில் எச்சமாகத்தான் விழும். தொட்டிகளில் மிஞ்சிய ஃபினிஷரைச் சித்தப்பா சாக்கில் வாரிக் கட்டினார். பிரிக்காத மூட்டை இரண்டு மிச்சம் இருந்தது, அவை நிறுவனத்துக்குத் திரும்பும்.

கோழியைப் பிடித்துக் கூடையில் அடைத்து எடை போட்டு முடியும்போது விடிந்துவிட்டது. ஷெட் வெறுமையாக, நார்த் தூள் வாசத்தோடு கிடந்தது. சின்னம்மா திண்ணையில் காலியான சாக்குகளைப் பத்துப் பத்தாக அடுக்கி எண்ணிக்கொண்டிருந்தார். நோட்டை என் மடியில் வைத்து, "எழுது கண்ணு. முந்நூத்திப் பன்னெண்டு. எடைச்சீட்டுல எவ்வளவு போட்டிருக்காங்கன்னு பாரு" என்றார். 9,790 கிலோ. வகுத்துப் பார்த்துச் சொன்னேன்: 1.59.

"அப்ப அந்தக் குழாய் வாஷரெல்லாம் இந்தத் தடவ மாத்தீரலாம்னு சித்தப்பாகிட்டச் சொல்லு" என்று சாக்கைக் கட்டத் தொடங்கினார்.